வரன் பேச்சில் அவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறதா? இரண்டாவது கேள்வியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, கையில் போனை நீட்டி, "அக்கா, இதைப் படிச்சுப் பாருங்க. இவருக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்ல வீட்டுல சொன்னாங்கன்னு பேசறாரா?" என்று கேட்ட பெண்கள் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் உறவுக்காரப் பெண்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய தோழிகள். ஜாதகம் பொருந்தியிருக்கும். கோயிலில் வைத்துப் பெண் பார்த்து முடிந்திருக்கும். "நாலு வாரம் பேசிப் பாருங்க, அப்புறம் நிச்சயம் வச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் நம்பரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இந்த நாலு வாரத்தில் எதைக் கவனிப்பது என்பதுதான் கேள்வி.

நான் இரண்டு விஷயங்களை மட்டும் பார்க்கச் சொல்வேன். நீங்கள் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த கேள்வி கேட்கிறாரா என்பது ஒன்று. அந்தப் பதில் சில நாள் கழித்து, நீங்கள் நினைவுபடுத்தாமலே, அவரிடமிருந்து திரும்பி வருகிறதா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதை என் சித்தி மகளின் கதையை வைத்தே சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் தண்டையார்பேட்டையில் இருக்கிறாள். மண்ணடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. ஒரே வருடத்தில் அவளுக்கு இரண்டு வரன் வந்து, இரண்டிலும் பேச்சு நடந்தது. முதலாமவர் பெரம்பூர், கடன் வாங்கித் தரும் தொழிலில் இருப்பவர். எட்டு மாதம் கழித்து வந்த இரண்டாமவர் காலடிப்பேட்டை, எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மெட்ரோவில் இவள் வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன்.

முதல் படி: கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள்

நிறையக் கேள்வி கேட்கிறார் என்றாலே அக்கறை என்று நினைத்துவிடுகிறோம். கேள்விகளின் எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. வரன் பேச்சில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் பயோடேட்டா கேள்விகள். "எந்த காலேஜ்? எத்தனை பேர் வீட்டுல? சமைக்கத் தெரியுமா?" இவற்றை எந்தப் பெண்ணிடமும் இதே வரிசையில் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை, பேச்சை இப்படித்தான் தொடங்க முடியும். ஆனால் இவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது திருப்பிக் கேட்பது. "சாப்பிட்டீங்களா?" என்று நீங்கள் கேட்டதும், "சாப்பிட்டேன், நீங்க?" என்பது. இது மரியாதை. இன்னொன்று பேச்சை மாற்றும் கேள்வி. நீங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், "சரி, ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?" என்று வேறு இடத்துக்குப் போய்விடுவார். நீங்கள் சொன்னது அங்கேயே கிடக்கும்.

நமக்கு வேண்டியது நான்காவது வகை: தொடர் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். நீங்கள் சற்று முன் சொன்ன பதில் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியுமா? முடியாது என்றால் அது தொடர் கேள்வி. "கணக்கு வேலை பண்றேன்" என்று நீங்கள் சொல்ல, "சம்பளம் எவ்வளவு?" என்றால் அது பயோடேட்டா. "வருஷக் கடைசியிலதான் வேலை அதிகமா, இல்ல மாசா மாசம் இருக்குமா?" என்றால், அவர் உங்கள் பதிலுக்குள் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறார்.

ஒரு இரவில் பேசியதை எடுத்து, அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். அரைமணி நேரப் பேச்சில் உண்மையான தொடர் கேள்வி மூன்று, நான்கு தேறினாலே நல்ல பேச்சுதான். ஒன்றுகூடத் தேறாத இரவுகளும் வரும், களைப்பில் யாருக்கும் வரும். நாலைந்து இரவு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: நல்லாக் கேட்பவரிடம் மனசு சாயும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2017-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வி விஷயத்தையே எடுத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பதினைந்து நிமிடம் எழுத்தில் உரையாட வைத்து, சிலரிடம் குறைந்தது ஒன்பது கேள்வியாவது கேளுங்கள் என்றும், சிலரிடம் நாலுக்கு மேல் கேட்காதீர்கள் என்றும் சொன்னார்கள். அதிகம் கேட்டவர்களை எதிரில் இருந்தவர்களுக்கு அதிகம் பிடித்தது. முக்கியமாக, தொடர் கேள்வி கேட்டவர்களை. ஆணும் பெண்ணும் சில நிமிடம் அறிமுகமாகிக்கொள்ளும் சந்திப்புகளிலும், தொடர் கேள்வி அதிகம் கேட்டவர்களுக்கு மறுபடி சந்திக்கும் சம்மதம் அதிகம் கிடைத்தது.

இதை நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தொடர் கேள்வி கேட்பவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அப்படிக் கேட்பவரை *நமக்கு* பிடித்துவிடுகிறது என்றுதான் சொல்கிறது. அந்த எழுத்து உரையாடலில் நிறையக் கேட்டவர்கள், கேட்கச் சொன்னதால் கேட்டவர்கள். ஆகவே ஒருவர் அழகாகக் கேட்ட இரவில் உங்கள் மனசு நிறைந்து போனால், அது உங்கள் மனதைப் பற்றிய செய்தி. அவருடைய மனதைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

என் சித்தி மகளுக்கு நடந்தது இதுதான். பெரம்பூர்க்காரர் அருமையாகக் கேட்பார். பகல் முழுக்க மனிதர்களிடம் பேசியே பிழைக்கும் தொழில், பழக்கம் அப்படி. பேச்சு தொடங்கி இரண்டாவது வாரம், இவள் தன் ஆயாவுக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் இருப்பதைச் சொன்னாள். உடனே, "ஐயோ, எந்தக் கண்ணு? எப்ப? கூட யாரு இருக்கப் போறாங்க?" என்று கேட்டார். மூன்றும் அசல் தொடர் கேள்விகள். வலது கண், வெள்ளிக்கிழமை, நானும் அம்மாவும் என்று இவள் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் அவ்வளவு சந்தோஷம்: "அக்கா, எங்க ஆயாவைப் பத்தி ஒரு மனுஷன் இவ்வளவு கேட்டதே இல்ல."

வெள்ளிக்கிழமை போயிற்று. சனி, ஞாயிறு போயிற்று. தினமும் பேசினார்கள், தினமும் நன்றாகவே கேட்டார், ஆனால் வேறு வேறு விஷயங்களை. பதினோராவது நாள், வீட்டில் ஒரே சத்தம் என்று இவள் ஏதோ சொல்லப் போக, அவர் கேட்டார்: "உங்க வீட்டுல பாட்டி யாராச்சும் இருக்காங்களா?"

அவர் பொய்யாக நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்ட நேரத்தில் உண்மையாகவே கேட்டிருப்பார். அந்த அக்கறைக்கு ஆயுசு அந்த அரைமணி நேரம்தான். அதனால்தான் தொடர் கேள்வியை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள் என்கிறேன். கேள்வியில் பாதிதான் தெரியும். மீதி நாள் கழித்துத்தான் தெரியும்.

மூன்றாம் படி: மூன்று சின்ன விஷயங்களைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்

சோதிக்கிறேன் என்று பொய் சொல்ல வேண்டாம். இல்லாத தலைவலியைச் சொல்லி, மறுநாள் கேட்கிறாரா என்று பார்ப்பது கேவலமான வேலை. பிற்பாடு தெரிந்தால் அவர் உங்களை நம்பவே மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்துகொண்டிருப்பதில், இன்னும் முடியாத மூன்று விஷயங்களைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். முடியாத விஷயம் என்பது முக்கியம். "நேத்து காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கினோம்" என்றால் அது முடிந்த கதை, மறுபடி கேட்க அதில் ஒன்றும் இல்லை. "வர்ற புதன்கிழமை பல் டாக்டர்கிட்ட போறேன்" என்றால் அதற்கு ஒரு வியாழக்கிழமை இருக்கிறது.

மூன்றும் வேறு வேறு கனத்தில் இருக்கட்டும். வீட்டு விஷயம் ஒன்று, வேலை விஷயம் ஒன்று, உங்களுக்கு மட்டுமே முக்கியமான சின்ன விஷயம் ஒன்று. மூன்றாவதுதான் அதிகம் சொல்லும். ஆபரேஷனைக் கேட்காமல் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்றாவது ஒருவர் கேட்பார். நீங்கள் மாடியில் வைத்த கறிவேப்பிலைக் கன்றைக் கேட்காவிட்டால் ஊர் ஒன்றும் சொல்லாது.

முடிந்தவரை குரலில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதியது அவர் கையில் இருக்கிறது. பேசுவதற்கு முன் மேலே தள்ளிப் பார்த்துவிட்டு வரலாம். அப்படிப் பார்த்துவிட்டு வருவதும் ஒரு முயற்சிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எது மனதில் நின்றது என்று தெரிய வேண்டுமானால் குரல்தான் சரி.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். நம் பெண்கள் மூன்றாவது நாளே, "நான் அன்னைக்கு ஒண்ணு சொன்னேனே, கேட்கவே இல்லையே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அவர் கேட்டாலும் அது கணக்கில் வராது. விஷயம் முடியும் நாளிலிருந்து ஒரு வாரம் வரை பொறுங்கள். டைரியிலோ போனிலோ ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: என்றைக்கு, எதைச் சொன்னேன், என்றைக்குத் திரும்பி வந்தது, நான் கிளறினேனா, தானாக வந்ததா. எழுதச் சொல்வதற்குக் காரணம், பிடித்தவர் என்றால் நாம் கிளறியதையும் தானாக வந்ததாகவே நினைத்துக்கொள்வோம். பிடிக்காதவர் என்றால் தானாக வந்ததையும் மறந்துவிடுவோம்.

நான்காம் படி: திரும்பி வந்த விதத்தைப் பாருங்கள்

காலடிப்பேட்டைக்காரருக்கு வருவோம். அவர் பேசுவதே குறைவு. முதல் வாரம் முடிந்ததும் இவள் என்னிடம், "அக்கா, ரேஷன் கடையில கேக்கற மாதிரி கேக்கறாரு" என்றாள். அந்தச் சமயத்தில் ஆயாவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் வந்தது. அதே ஆயா, அதே ஆஸ்பத்திரி, மற்ற கண். இவள் சொன்னதற்கு அவர் பதில், "சரி. பார்த்துக்கோங்க." அவ்வளவுதான். தொடர் கேள்வி ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த குரல் செய்தியில் ஒரே சோகம்.

ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள், நைட் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் கூப்பிட்டார். "ஆயாவுக்குக் கண்ணுல சொட்டு விடணும்ல, நீங்களும் அம்மாவும் வேலைக்குப் போயிட்டா பகல்ல யாரு விடறாங்க?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆபரேஷன் நடந்தது நினைவில் இருக்கிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு ஒரு நாளில் பல தடவை சொட்டு விட வேண்டும் என்பதை யாரிடமோ கேட்டிருக்கிறார், இல்லை அவர் வீட்டிலேயே பார்த்திருக்கிறார். அவள் அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்பது அதற்கு முன் வேறு ஒரு நாள் பேச்சில் வந்தது. தனித்தனியாகச் சொன்ன இரண்டு விஷயங்களை அவர் மனசு சேர்த்து வைத்து, அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறது. நிஜமாகவே அது எங்களுக்கும் பிரச்சினையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் மதியம் வந்து விட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வருவதில் மூன்று நிலை உண்டு. "ஆயா எப்படி இருக்காங்க?" என்பது முதல் நிலை. விஷயம் நினைவில் இருக்கிறது, அவ்வளவு. சொட்டு மருந்துக் கேள்வி இரண்டாவது நிலை. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் உங்கள் விஷயத்தை யோசித்திருக்கிறார் என்று அது காட்டுகிறது. மூன்றாவது நிலையில் கேள்வியே இருக்காது, நடத்தையில் வரும். உங்களுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தடவை சொன்னதை வைத்து, அவர் வீட்டுக்கு நீங்கள் முதல் முறை போகும்போது குழம்பு வேறாக இருக்கும். நாலைந்து வாரத்தில் மூன்றாவது நிலை ஒரே ஒரு தடவை வந்தாலும் நான் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பேன். வரவில்லை என்றால் குறை சொல்ல மாட்டேன், அதற்குச் சந்தர்ப்பம் அமைய வேண்டும்.

ஐந்தாம் படி: எந்த மறதியை மன்னிக்கலாம்

இந்தக் காலடிப்பேட்டைக்காரர் இவளுடைய தம்பி பெயரை மூன்று தடவை தப்பாகச் சொன்னார். இவளுக்குக் கோபம். எனக்கு இல்லை. பெயர் என்பது மனதில் ஒட்டாத சரக்கு. ஒரே முகத்தைக் காட்டி, இவர் பேக்கரி நடத்துகிறவர் என்றால் நினைவில் நிற்கிறது, இவர் பெயர் பேக்கர் என்றால் நழுவிவிடுகிறது என்பது நினைவாற்றல் ஆராய்ச்சியில் பழைய சங்கதி. தொழிலைச் சொன்னால் ரொட்டியும் அடுப்பும் கூடவே மனதில் வரும். பெயருக்குப் பின்னால் ஒன்றும் வராது. ஆகவே "உங்க தம்பி, அந்த ஃபுட்பால் ஆடறவரு" என்று அவர் சொன்னால், பெயர் மறந்திருந்தாலும் ஆளை நினைவில் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பார்த்த அன்று சொன்னதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். வடிவுடையம்மன் கோயில் பிரகாரத்தில், இரண்டு குடும்பமும் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அடுத்து நாம் என்ன பேசப் போகிறோம் என்று பதறும் மனிதருக்கு எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மனதில் இறங்காது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசும்போது, தன் முறைக்கு முந்தைய ஆள் சொன்னதுதான் அதிகம் மறக்கிறது என்று மால்கம் பிரென்னர் என்பவர் 1973-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். பதற்றம் அடங்கிய பிறகு, இரண்டாவது வாரத்திலிருந்து பாருங்கள்.

ஷிப்ட் மாறும் நாட்களையும் விட்டுவிடலாம். இரவு பத்து மணிக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு வருபவரிடம் முதல் இரண்டு நாள் எதுவும் நிற்காது.

மன்னிக்கக் கூடாத மறதி ஒன்று உண்டு. தனக்குப் பயன்படுவது எல்லாம் நினைவில் இருந்து, உங்களுக்குப் பயன்படுவது மட்டும் மறந்து போவது. உங்கள் அப்பா பெயரில் புதுவண்ணாரப்பேட்டையில் அரை கிரவுண்டு இருப்பது, ஒரே தடவை சொன்னது, சரியாக நினைவிருக்கும். உங்களுக்கு ஒற்றைத் தலைவலி வரும் என்பது நாலு தடவை சொல்லியும் இருக்காது. அவர் நினைவாற்றலில் குறையே இல்லை. அது எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஆறாம் படி: கண்காணிப்பை அக்கறை என்று எண்ணிவிடாதீர்கள்

வியாசர்பாடிப் பெண் ஒருத்தி என்னிடம் பெருமையாகச் சொன்னாள், "அவரு எதையுமே மறக்க மாட்டாருக்கா, டைம் முதக்கொண்டு ஞாபகம் வச்சிருப்பாரு." போனை வாங்கிப் படித்தேன். தொடர் கேள்வி வரிக்கு வரி இருந்தது. "யாரு கூடப் போனீங்க? அவங்க அண்ணன் வந்தாரா? எத்தனை மணிக்குத் திரும்பினீங்க?" நினைவும் இருந்தது: "போன வாரம் ஏழு மணிக்கு ஆபிஸ் முடியும்னீங்க, நேத்து எட்டே காலுக்குத்தான் ஆன்லைன்ல வந்தீங்க?"

முதல் படியில் சொன்ன சோதனையில் இவை எல்லாமே பாஸாகிவிடும். அதனால் இன்னொரு சோதனை தேவை. நீங்கள் பதில் சொன்ன பிறகு அடுத்த வரி எங்கே போகிறது என்று பாருங்கள். அக்கறைக் கேள்வி உங்கள் அனுபவத்துக்குள் போகும்: "எட்டே கால் ஆயிடுச்சா, மிண்ட்ல பஸ் கிடைச்சுதா?" கண்காணிப்புக் கேள்வி தீர்ப்பில் போய் முடியும்: "இனிமே லேட்டானா எனக்கு முன்னாடியே சொல்லிடுங்க." உங்கள் பழைய பதிலை அவர் எடுத்து வருவது உங்களுக்கு உதவவா, உங்களைப் பிடிக்கவா என்பதே வித்தியாசம். பேசி முடித்த பிறகு, அடுத்த முறை எதைச் சொல்லலாம் எதை மறைக்கலாம் என்று நீங்கள் யோசிக்க ஆரம்பித்திருந்தால், வேறு அளவுகோல் வேண்டாம். அந்த விவரத்தை வீட்டுப் பெரியவர்களிடம் உடனே, வார்த்தை மாறாமல் சொல்லிவிடுங்கள். நாலு வாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பெண் சொன்னாள், அவள் மாமா அந்தப் பேச்சை நிறுத்தினார்.

ஏழாம் படி: ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்

மூன்று விஷயத்தில் இரண்டு திரும்பி வராவிட்டால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றை எடுத்து, குற்றச்சாட்டாக இல்லாமல், தகவலாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் இருப்பதிலேயே உறுதியான அடையாளம் என்பது என் அனுபவம்.

என் சித்தி மகளுக்கு மாதம்தோறும் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். 18, 19, 20 மூன்று நாளும் இரவு ஒன்பது மணிக்கு முன் வீட்டுக்கு வர மாட்டாள், வந்தாலும் பேசும் நிலையில் இருக்க மாட்டாள். இதை அவள் இருவரிடமும் சொல்லியிருந்தாள். காலடிப்பேட்டைக்காரர் 19-ஆம் தேதி இரவு மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்காததற்கு, "பிஸியா?" என்று ஒரு செய்தி. ஆயா விஷயத்தில் கிடைத்த நம்பிக்கை எல்லாம் போய்விட்டது அவளுக்கு. "விட்டுடலாமா அக்கா?" என்றாள்.

நான் சொன்னபடி 21-ஆம் தேதி அவள் பேசினாள். "மாசா மாசம் 18-லேருந்து 20 வரைக்கும் எனக்கு இப்படித்தான் இருக்கும். அப்ப ராத்திரி போன் வந்தா எடுக்க முடியலையேன்னு எனக்கு டென்ஷன் ஆகுது. 21-ஆம் தேதி காலையில பேசினா நல்லா இருக்கும்." இவ்வளவுதான். "ஏற்கெனவே சொன்னேனே" என்ற வார்த்தையை வேண்டுமென்றே விடச் சொன்னேன். அது வந்தால் பேச்சு மறதியைப் பற்றிய வழக்காக மாறிவிடும்.

இதற்கு மூன்று விதமாகப் பதில் வரலாம். "எல்லாருக்கும்தான் வேலை இருக்கு" என்றால் அது ஒரு பதில். "சாரி சாரி, இனிமே பண்ணவே மாட்டேன்" என்று பத்து தடவை சொல்லி அடுத்த மாதமும் அதையே செய்தால், அது இன்னொரு பதில். அவர் சொன்னது, "18, 19, 20. சரி." அப்புறம் வேறு விஷயம் பேசினார்.

அடுத்த மாதம் 18-ஆம் தேதி போன் வரவில்லை. 19, 20-இலும் வரவில்லை. 21-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி வந்தது: "அனுப்பியாச்சா? எத்தனை கம்பெனிக்கு?" அதைப் படித்துவிட்டுத்தான் அவள் என்னைக் கூப்பிட்டாள். அந்த மாதம் பதினேழு கம்பெனிக்கு என்று அவள் பதில் போட்டிருந்தாள். இதற்காகவே நாலு வாரம் என்பதை ஆறு வாரமாக நீட்டிக்கச் சொல்லி நான் சித்தியிடம் கேட்டு வாங்கியிருந்தேன். மாதம் ஒரு தடவை வரும் விஷயத்துக்கு இரண்டு மாதத்தின் இருபதாம் தேதியைப் பார்த்தாக வேண்டும்.

எட்டாம் படி: அவர் பக்கம் உங்கள் கணக்கு என்ன

இதைச் செய்யாமல் முடிவு சொல்ல நான் யாரையும் விடுவதில்லை. அதே டைரியில், அடுத்த பக்கத்தில், அவர் சொன்னதில் முடியாத விஷயங்கள் மூன்றை எழுதச் சொல்வேன். அதில் எதை நீங்களாகத் திருப்பிக் கேட்டீர்கள்? என் சித்தி மகள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் என்பது தெரியும். அந்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியவில்லை. அவர் அக்கா பிரசவத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னது நினைவு வந்தது. குழந்தை பிறந்துவிட்டதா என்று தெரியவில்லை. இரண்டரை வாரம் ஆகியிருந்தது.

இதில் இரண்டு அர்த்தம் இருக்கலாம். தன்னை அவர் கவனிக்கிறாரா என்று பார்ப்பதிலேயே மனசு முழுக்கப் போய், கேட்க விட்டுப் போயிருக்கலாம். சோதித்துக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும். இல்லாவிட்டால் உங்களுக்கே அவர் மேல் ஆர்வம் இல்லாமல் இருக்கலாம், அதுவும் ஒரு நேர்மையான விடைதான். எது என்று கண்டுபிடிக்க, டைரியை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் அவரைக் கேளுங்கள். கேட்கக் கேட்க அடுத்த கேள்வி தானாக வருகிறதா, இழுத்து இழுத்துக் கேட்க வேண்டியிருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.

அவள் அன்று இரவே கேட்டாள். பெண் குழந்தை, பிறந்து ஒன்பது நாள், ஸ்டான்லியில் பிரசவம், அக்கா இன்னும் சரியாக நடக்கவில்லை. "அப்ப வீட்டுல சமையல் யாரு?" என்று அவள் கேட்க, "நான்தான்" என்றார். என்ன சமைத்தார், பத்தியச் சாப்பாடு எப்படித் தெரியும், நைட் ஷிப்ட் முடிந்து வந்தா என்று பேச்சு ஒரு மணி நேரம் போனதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியும் சித்தப்பாவும் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காலடிப்பேட்டைக்குக் கிளம்பினார்கள். இவளும் கூடப் போனாள்.